நாவலுக்குள் ஒளிந்திருக்கும் பழைய வரியைத் துரத்துவது எப்படி? கடம்பூர் குரவைக் கூத்தை வைத்து ஒரு வழிகாட்டி

நாவல் படிக்கும்போது நடுவில் பாட்டோ செய்யுளோ வந்தால் நம்மில் பலர் அதைத் தாண்டிப் போய்விடுவோம். கதை அங்கே நின்றுவிட்டது, பாட்டு முடிந்ததும் மறுபடி ஓடும் என்று ஒரு நினைப்பு. பல நாவல்களில் அது உண்மையும்கூட. ஆனால் சில இடங்களில் கதாசிரியர் வாயைத் திறந்து சொல்லாத ஒன்றை அந்த இரண்டு வரிதான் சொல்லிக்கொண்டிருக்கும். அதைக் கேட்க வேண்டுமென்றால் அந்த வரி எங்கிருந்து வந்தது, அங்கே அதற்கு என்ன வேலை இருந்தது என்று தேடிப் போக வேண்டும்.

அந்தத் தேடலைக் கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னில் ஓரிடத்தை வைத்துச் செய்து காட்டுகிறேன். கதையின் முடிச்சுகள் சிலவற்றை அவிழ்க்க வேண்டியிருக்கும். இன்னும் படிக்காதவர்கள் படித்துவிட்டு வருவது நல்லது.

முதல் வேலை: வரியைச் சூழலோடு எழுதி வைப்பது

முதல் பாகத்தின் ஐந்தாம் அத்தியாயம் ‘குரவைக் கூத்து’. கடம்பூர் சம்புவரையர் மாளிகையில் பெரிய பழுவேட்டரையர் உள்ளிட்ட பிரமுகர்கள் விருந்தாளிகளாகக் கூடியிருக்கிறார்கள். வந்தியத்தேவனும் அங்கே இருக்கிறான். பெண்கள் முருகனைப் பாடிக் குரவை ஆடுகிறார்கள். ஆட்டம் ஒரு வாழ்த்தோடு முடிகிறது:

“பசியும் பிணியும் பகையும் அழிக! மழையும் வளமும் தனமும் பெருக!”

இதன் பிறகு தேவராளனும் தேவராட்டியும் மேடைக்கு வந்து வேலனாட்டம் ஆடுகிறார்கள். தேவராளனுக்குச் சன்னதம் வருகிறது. கொற்றவை பலி கேட்கிறாள் என்கிறான். என்ன பலி என்று கேட்டால், பரம்பரை பரம்பரையாக வந்த அரச குலத்து இரத்தம் வேண்டும் என்கிறான்.

நோட்டில் வரியை மட்டும் எழுதி வைத்தால் பின்னால் பயன்படாது. யார் பாடுகிறார்கள், யார் கேட்கிறார்கள், அதற்கு முன்னால் என்ன நடந்தது, உடனே அடுத்து என்ன நடக்கிறது, ஆசிரியர் மூலநூலின் பெயரைச் சொல்கிறாரா இல்லையா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இந்த இடத்தில் கல்கி எந்த நூலின் பெயரையும் சொல்லவில்லை. கூத்துக்காரர்களின் வழக்கமான வாழ்த்து என்பதுபோலப் போகிற போக்கில் விட்டுவிடுகிறார். புதிதாகத் தேடத் தொடங்குபவர்கள் கோட்டை விடுவது இப்படிப்பட்ட இடங்களில்தான். “ஆழ்வார் பாடியபடி”, “வள்ளுவர் சொன்னதுபோல்” என்று அறிவிப்போடு வரும் மேற்கோள் யார் கண்ணுக்கும் படும். அறிவிப்பில்லாமல் உரைநடைக்குள் கலந்து வருவதைக் காதால்தான் பிடிக்க முடியும். பக்கத்து வாக்கியங்களைவிட ஒரு வரிக்குத் தாளம் கூடுதலாக இருந்தால், அல்லது மூன்று சொற்கள் ஒரே எதுகை மோனையில் வரிசை கட்டி நின்றால், அங்கே கொஞ்சம் நின்று பாருங்கள்.

தேடுவது: முழு வரியைப் போடாதீர்கள்

மேலே உள்ள வரியை அப்படியே தேடுபொறியில் இட்டால் நாவலின் பக்கங்களே திரும்பத் திரும்ப வரும். காரணம், கல்கி வரியை மாற்றியிருக்கிறார். மேற்கோளைத் தன் காலத்து வாசகருக்குப் புரியும்படி மாற்றிப் போடுவது நாவலாசிரியர்களின் வழக்கம். அதனால் மாறியிருக்க வாய்ப்புள்ள சொற்களைக் கழித்துவிட்டு, மாற்ற அவசியமில்லாத பகுதியை மட்டும் தேட வேண்டும். ‘அழிக’, ‘பெருக’ போன்ற வினைச்சொற்கள் சுலபமாக மாறும். அடுக்கி வரும் பெயர்ச்சொற்கள் அவ்வளவு லேசில் மாறாது. இங்கே ‘பசியும் பிணியும் பகையும்’ என்பதுதான் கெட்டியான பகுதி.

மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகம் ஆகியவற்றின் மின்னூல்களில் இந்த மூன்று சொற்களைத் தேடுங்கள். பழைய நூல்களில் புணர்ச்சி ஒரு தொல்லை. சொற்கள் சேர்ந்தும் இருக்கும், பதிப்பாசிரியர் பிரித்துப் போட்டும் வைத்திருப்பார். ஒரு முறை கிடைக்கவில்லை என்றால் இரண்டு சொற்களை மட்டும் போட்டுப் பாருங்கள், பிறகு ஒற்றைச் சொல்லை. அதற்கும் மசியவில்லை என்றால் ‘உம்’மை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

மூன்று இடங்கள் அகப்பட்டால் எதை எடுத்துக்கொள்வது?

தேடினால் மூன்று இடங்கள் கிடைக்கும். ஒன்று திருக்குறள், நாடு அதிகாரம், 734ஆம் குறள்:

உறுபசியும் ஓவாப் பிணியும் செறுபகையும்
சேராது இயல்வது நாடு.

மற்ற இரண்டும் காப்பியங்கள். மணிமேகலையின் முதல் காதையான விழாவறை காதையில் முரசறைபவன் விழாவை அறிவிக்கும்போது, “பசியும் பிணியும் பகையும் நீங்கி, வசியும் வளனும் சுரக்க” என்று வாழ்த்துகிறான். அதே வரி சிலப்பதிகாரத்தின் ஐந்தாம் காதையான இந்திர விழவூரெடுத்த காதையிலும் இருக்கிறது.

பாதிப் பேர் இந்த இடத்தில் முதலில் கிடைத்ததை எழுதிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். குறள்தான் எல்லாருக்கும் தெரிந்தது என்பதால் ‘இது குறளின் எதிரொலி’ என்று முடிவு கட்டிவிடுவார்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குறள் நாட்டுக்கு இலக்கணம் சொல்கிறது. அதில் வாழ்த்து இல்லை, இரண்டாம் பாதியான மழையும் வளமும் இல்லை. ‘வசி’க்கு மழை என்று பொருள். அதைத்தான் கல்கி ‘மழை’ என்று எளிமையாக்கி, ‘தனம்’ என்று ஒன்றைத் தன் கணக்கில் சேர்த்திருக்கிறார். ஆகவே வரியின் வடிவத்தை மட்டும் பார்த்தால் குறள் விலகிவிடும், இரண்டு காப்பியங்களும் நிற்கும்.

இரண்டில் எது என்பதை வடிவத்தால் முடிவு செய்ய முடியாது. இரண்டிலும் ஒரே வரிதான். அங்கே யார் சொல்கிறார்கள், எந்தச் சடங்கில் சொல்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

மூலத்தில் முன்னும் பின்னும் இருபது வரி

இருபது என்பது நான் வைத்துக்கொள்ளும் ஒரு உத்தேசக் கணக்கு. மேற்கோள் வரியை மட்டும் மூலநூலில் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால் உங்களுக்குக் கிடைப்பது ஒரு நூற்பெயர், அவ்வளவுதான். ஆசிரியர் அந்த வரியை எந்த இடத்திலிருந்து பிடுங்கினார் என்று பார்த்தால்தான் அதோடு ஒட்டிக்கொண்டு வந்த வேர்மண் தெரியும்.

மணிமேகலையில் அது அறிவிப்பு. யானைமேல் முரசை ஏற்றி ஊருக்குச் சொல்கிறார்கள். ஆட்டமும் இல்லை, ஆவேசமும் இல்லை.

சிலப்பதிகாரத்தில் காட்சியே வேறு. புகார் நகரில் காவற்பூதத்தின் பலிபீடத்துக்கு முன்னால் பூவும் புகையும் பொங்கலும் படைக்கிறார்கள். “துணங்கையர் குரவையர் அணங்கெழுந்து ஆடி” என்று இளங்கோ எழுதுகிறார். குரவை ஆடுகிறவர்கள்மேல் தெய்வம் ஏறியிருக்கிறது. அந்த நிலையில்தான் மன்னனின் நாடு முழுவதும் பசியும் பிணியும் பகையும் நீங்கட்டும் என்ற வாழ்த்து வருகிறது.

இனி அடுத்த வரிகளைப் படியுங்கள். மருவூர்ப்பாக்கத்து வீரர்களும் பட்டினப்பாக்கத்துப் படைவீரர்களும் முந்திக்கொண்டு பலிபீடத்துக்குப் போகிறார்கள். “வெந்திறல் மன்னற்கு உற்றதை ஒழிக்க” என்று சொல்லித் தங்களையே பலி கொடுக்கிறார்கள். மன்னனுக்கு நேரவிருக்கும் தீங்கு விலகட்டும், அதற்கு எங்கள் உயிரை எடுத்துக்கொள் என்பது அதன் பொருள்.

இப்போது கடம்பூருக்குத் திரும்பி இரண்டு வரிசைகளையும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக எழுதிப் பாருங்கள். புகாரில் குரவை, வாழ்த்து, பிறகு உயிர்ப்பலி. கடம்பூரிலும் குரவை, வாழ்த்து, பிறகு உயிர்ப்பலி கேட்பது. வரிசை மாறவே இல்லை. பலியின் திசை மட்டும் தலைகீழாகிவிட்டது. அங்கே சோழ மன்னனைக் காப்பாற்றக் குடிமக்கள் தலையைக் கொடுக்கிறார்கள். இங்கே குடிகளின் தலைவர்கள் கூடியிருக்கும் சபையில் அரச குலத்தின் இரத்தமே பலியாகக் கேட்கப்படுகிறது.

கண்டுபிடித்ததை நாவலில் உரசிப் பார்ப்பது

மூலம் கிடைத்தவுடன் ‘ஆகா’ என்று நின்றுவிடக் கூடாது. அது நாவலின் பிற்பகுதியோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் அது அழகான தற்செயல், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

இங்கே ஒத்துப்போகிறது. அன்று நள்ளிரவில் அதே மாளிகையில் சிற்றரசர்கள் கூடி, சுந்தர சோழருக்குப் பின் ஆதித்த கரிகாலனுக்குப் பட்டம் கூடாது என்று பேசுகிறார்கள். பிறகு கதை பல நூறு பக்கங்கள் சுற்றி வந்து, ஆதித்த கரிகாலன் உயிரை விடுவது அதே கடம்பூர் மாளிகையில்தான். ஆடியவர்கள் கேட்ட பலி, கேட்ட வீட்டிலேயே நடந்து முடிகிறது. தேவராளன் சும்மா சாமியாடி அல்ல, சதிக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்பதும் பின்னால் தெரியவரும். அதாவது புகாரில் உண்மையான ஆவேசமாக இருந்தது கடம்பூரில் வேஷம். மன்னனுக்காகச் செய்த சடங்கின் அச்சை எடுத்து மன்னனுக்கு எதிராகப் பயன்படுத்துகிறார்கள்.

மூலம் தெரியாமல் படித்தாலும் அந்த அத்தியாயம் பயங்கரமாகத்தான் இருக்கும். தெரிந்து படித்தால் பயம் கொஞ்சம் முன்னாலேயே தொடங்கிவிடும். வாழ்த்து முடியும் அந்த நிமிஷத்திலேயே, அடுத்து வருவது பலி என்று உங்களுக்குத் தெரியும், யாருக்குப் பலி என்று மட்டும் தெரியாது.

எவ்வளவு தூரம் சொல்லலாம்?

கல்கி இதையெல்லாம் திட்டமிட்டுத்தான் எழுதினாரா? கட்டுரை எழுதும்போது இந்தக் கேள்வி வரும். மூன்று தட்டுகளாகப் பிரித்து வைத்துக்கொள்வது என் வழக்கம்.

வரி காப்பிய வாழ்த்தின் மறுவடிவம் என்பது உறுதி, அதைத் தயங்காமல் எழுதலாம். இரண்டு காப்பியங்களில் சிலப்பதிகாரக் காட்சிதான் பின்னால் நிற்கிறது என்பது வலுவான ஊகம். குரவை, ஆவேசம், பலி என்ற மூன்று கூறுகளும் அதே வரிசையில் இருப்பதுதான் அதற்குச் சான்று. ‘சிலப்பதிகாரத்தோடு பொருந்துகிறது’ என்று எழுதினால் போதும், ‘கல்கி இதை எடுத்தாண்டார்’ என்று கையெழுத்துப் போட வேண்டியதில்லை. மூன்றாவது தட்டு ஆசை காட்டும் ஊகங்களுக்கு. அதே காதையில் பலிக்காட்சியை அடுத்து, வடதிசை நோக்கிப் படையெடுத்த திருமாவளவனைப் பற்றி இளங்கோ சொல்கிறார். திருமாவளவன் என்றால் கரிகாலன். நாவலில் பலியாகப் போகிறவன் பெயரும் கரிகாலன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆதித்த கரிகாலன் என்ற பெயர் வரலாறு கொடுத்தது, கல்கி தேர்ந்தெடுத்தது அல்ல. இதைச் சான்றாக வைத்தால் உங்கள் நல்ல சான்றுகளும் சேர்ந்து வலுவிழக்கும். என்னைக் கேட்டால் அடிக்குறிப்பில்கூட வைக்க மாட்டேன்.

பெயர் சொல்லி வரும் பாட்டு

மூலம் வெளிப்படையாகத் தெரியும் இடங்களில் தேடும் வேலை மிச்சம், ஆனால் படிக்கும் வேலை மிச்சமாகாது. குரவைக்கு இரண்டு அத்தியாயம் முன்னால், வீரநாராயணபுரத்து விண்ணகரக் கோயிலில் ஆழ்வார்க்கடியான் நம்மாழ்வாரின் “பொலிக பொலிக பொலிக” பாசுரத்தைப் பாடுகிறான். திருவாய்மொழியில் ஐந்தாம் பத்து, இரண்டாம் திருவாய்மொழி, முதல் பாசுரம். அதன் கடைசி அடிகள்:

கலியும் கெடும் கண்டுகொள்மின் கடல்வண்ணன் பூதங்கள் மண்மேல்
மலியப் புகுந்து இசைபாடி ஆடி உழிதரக் கண்டோம்.

கடல்வண்ணனின் அடியார்கள் பூமியெங்கும் புகுந்து பாடி ஆடித் திரிவதைக் கண்டோம் என்கிறார் ஆழ்வார். பாடுகிற ஆளைப் பாருங்கள். ஊர் ஊராகப் பாடித் திரியும் வைணவன், கூடவே முதன்மந்திரி அநிருத்தரின் ஒற்றன். பாசுரம் அவன் வேஷத்தையும் சொல்கிறது, அவன் தொழிலையும் சொல்கிறது. பாடிக்கொண்டே எங்கும் நுழைய முடிகிற ஒருவன்தான் எல்லாவற்றையும் கேட்கவும் முடியும்.

கேட்பவர்களையும் பாருங்கள். கோயில் பட்டர் ஈசுவரமுனியும் அவருடைய சிறுவயது மகனும். அந்தப் பிள்ளைதான் பின்னால் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனி. வைணவ மரபுக் கதையில் நாதமுனி செய்தது நாம் செய்யும் இதே வேலைதான். யாரோ பாடிய “ஆராவமுதே” என்று தொடங்கும் பத்துப் பாசுரங்களைக் கேட்டார். முடிவில் ‘ஆயிரத்துள் இப்பத்து’ என்று வந்தது. மீதி எங்கே என்று கேட்டுக்கொண்டு நம்மாழ்வாரின் ஊரான திருக்குருகூருக்குப் போனார். கல்கி வேறு பாசுரத்தைப் பாட வைத்தாலும், அந்தப் பதிகமும் “ஆயிரத்து இப்பத்து” என்றுதான் முடிகிறது. ஒரு பதிகம் மேற்கோளாக வந்தால் அதன் கடைசிப் பாட்டையும் படித்துவிடுங்கள். யார் பாடியது, எத்தனை பாட்டில் ஒரு பங்கு என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

மூலமே இல்லாத பாட்டு

சில பாட்டுக்கு எவ்வளவு தேடினாலும் மூலம் கிடைக்காது, ஏனென்றால் ஆசிரியரே எழுதியிருப்பார். பூங்குழலி பாடும் “அலைகடலும் ஓய்ந்திருக்க அகக்கடல்தான் பொங்குவதேன்” அப்படிப்பட்டது. அடையாளம் காண்பது கஷ்டமில்லை. பழம்பாட்டுபோல் இருந்தாலும் சொற்களும் இலக்கணமும் தற்காலத்தவை. எங்கே தேடினாலும் நாவலையொட்டிய பக்கங்களே வரும், நாவலுக்கு முந்தைய தொகுப்பு எதிலும் அது இருக்காது.

மூலம் இல்லாவிட்டால் பாட்டை நாவலுக்குள்ளேயே துரத்துங்கள். இந்தப் பாட்டு வருவது இரண்டாம் பாகத்தின் முதல் அத்தியாயத்தில். பாட்டில் பின்னால் ஓரடி, “காரிகையாள் உளந்தனிலே காற்றுச் சுழன்றடிப்பதுமேன்” என்று கேட்கிறது. இரண்டாம் பாகத்துக்குக் கல்கி வைத்த பெயர் ‘சுழற்காற்று’. கடலில் வரப்போகும் சுழற்காற்று முதலில் அடிப்பது அந்தப் பெண்ணின் மனத்தில்.

பழமொழிக்கு வேறு கணக்கு

பழமொழிக்கு ஆசிரியர் கிடையாது. ஆகவே ‘முதலில் யார் சொன்னது’ என்று தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். நாவலில் வரும் வடிவம் வழக்கில் உள்ள வடிவத்திலிருந்து எங்கே விலகுகிறது என்று மட்டும் பாருங்கள். அதற்குப் பெர்சிவல், ஜென்சன் ஆகியோரின் 19ஆம் நூற்றாண்டுப் பழமொழித் தொகுப்புகள் உதவும். பழைய வடிவம் வேண்டுமானால் முன்றுறை அரையனாரின் பழமொழி நானூறு இருக்கிறது.

விலகல் பெரும்பாலும் பாதியில் நிறுத்துவதாக இருக்கும். “அரசன் அன்று கொல்வான்” என்று ஒரு பாத்திரம் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டால், சொல்லாமல் விட்ட “தெய்வம் நின்று கொல்லும்” என்பது யாருக்கு என்று கேளுங்கள். அதே பழமொழி நாவலில் இன்னொருவர் வாயிலிருந்து முழுதாக வருகிறதா என்றும் பாருங்கள். வந்தால் இரண்டு இடங்களின் பக்க எண்ணையும் ஒரே தாளில் எழுதி, இரண்டுக்கும் நடுவில் அதிகாரம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.